அந்தி வானத்தில் விழும் பட்டைகளை நீக்குதல்: படத்தைச் சுருக்கிப் பகிர்வோருக்கு முழுமையான வழிகாட்டி

வன்னியில் மலை இல்லை. இரணைமடுக் குளக்கட்டில் நின்று மேற்கே கமராவைப் பிடித்தால் படத்தில் மூன்றில் இரண்டு பங்கு வானமாகத்தான் இருக்கும். சூரியன் விழுந்து சற்று நேரத்தில் மேலே கருநீலமும் அடியில் செம்மஞ்சளுமாய், நடுவில் எங்கே மாறுகிறது என்று சொல்ல முடியாதபடி ஒன்றோடொன்று கரைந்திருக்கும். சுருக்கி அனுப்பும்போது பட்டை பட்டையாய் உடைவது இந்தக் கரைவுதான். "அண்ணை, கமராவில வடிவாத்தான் இருந்தது, அனுப்பின பிறகுதான் வரி வரியா வந்திட்டுது" என்று படத்தோடு வரும் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுக்கும் ஒழுங்கிலேயே இங்கே எழுதுகிறேன். உதாரணத்துக்கு 6000க்கு 4000 பிக்சல் அளவில், கமரா பதிந்த தகவலை அப்படியே வைத்திருக்கும் ரோ கோப்பாக எடுத்த இரணைமடு அந்திப் படம் ஒன்றை வைத்துக்கொள்வோம். செயலி கிம்ப். இலவசம், பழைய லப்டொப்பிலும் ஓடும்.

## 1. பட்டை எங்கே பிறந்தது என்று முதலில் பாருங்கள்

திருத்தத் தொடங்குமுன் இதைச் செய்யாதவர்கள்தான் அதிக நேரத்தை வீணாக்குகிறார்கள். பட்டை நான்கு இடங்களில் பிறக்கலாம். நான்குக்கும் மருந்து வேறு.

முதல் இடம் திரை. மலிவான லப்டொப் திரைகள் பலவற்றால் எல்லா நிறப் படிகளையும் காட்ட முடியாது. அதே கோப்பை நல்ல போன் ஒன்றில் திறந்து பாருங்கள். அங்கே பட்டை இல்லையென்றால் கோப்பில் குறையில்லை. பார்க்கும்போது 100 வீதத்தில் பாருங்கள். சிறிதாக்கிப் பார்த்தால், செயலி காட்சிக்காகச் சுருக்குவதாலும் பட்டை போலத் தோன்றலாம்.

மற்ற மூன்றும் கோப்புக்குள் இருப்பவை. அவற்றைப் பிரித்தறிய எண்களைப் பார்க்கவேண்டும். சாதாரண 8 பிட் படக் கோப்பில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை எண் உண்டு. ஓர் எண்ணை ஒரு படி என்போம். கிம்பில் `Color Picker` கருவியை எடுத்து, அதன் தெரிவுகளில் `Use info window` என்பதைப் போட்டு, ஒரு பட்டையில் ஒருமுறையும் அதற்குக் கீழுள்ள பட்டையில் ஒருமுறையும் அழுத்துங்கள்.

இரண்டுக்கும் ஒரே ஒரு படிதான் வித்தியாசம் என்றால், கோப்பில் இருக்கக்கூடிய எல்லாப் படிகளும் இருக்கின்றன, ஆனால் அவை போதவில்லை. எங்கள் படத்தில் வானத்தின் மேற்பாதி 1300 பிக்சல் உயரம். அவ்வளவு தூரத்துக்கும் பச்சை 62இல் இருந்து 82 வரைதான் ஏறுகிறது. 20 படிகளை 1300 பிக்சலுக்குப் பங்கிட்டால் ஒரு படி 65 பிக்சல் அகலம். அந்த அகலத்தில் கண் அதைப் பட்டையாகப் பிடித்துவிடும்.

வித்தியாசம் இரண்டு, மூன்று என்று தாவினால், நடுவிலுள்ள எண்கள் தொலைந்துவிட்டன. `Colors > Info > Histogram` திறந்தால் சீப்பின் பற்களைப்போல இடைவெளி தெரியும். 8 பிட் ஜேபெக்கை எடுத்து வானத்தின் கொன்ட்ராஸ்டை இழுத்துக் கூட்டியவர்களின் படம் இப்படித்தான் இருக்கும்.

பட்டையின் ஓரம் வழவழப்பாக இல்லாமல் 8 அல்லது 16 பிக்சல் சதுரங்களாய், படிக்கட்டுப்போல உடைந்து போனால் அது ஜேபெக் சுருக்கம் செய்த வேலை. இளஞ்சிவப்பும் பச்சையுமாய்ச் சதுரத் திட்டுகள் தெரிந்தால் நிறத் தகவல் அளவுக்கு மீறிச் சுருங்கியிருக்கிறது.

பெரும்பாலும் இவற்றில் இரண்டு சேர்ந்தே வரும். இருந்தாலும் எது முதலில் வந்தது என்று தெரிந்தால் எந்த வேலையில் இருந்து திரும்பச் செய்யவேண்டும் என்பது விளங்கும்.

## 2. கையில் இருக்கவேண்டியவை

ரோ கோப்பு இருந்தால் அதுதான் முதல் தேவை. கமராக்கள் ரோ கோப்பில் பெரும்பாலும் 12 அல்லது 14 பிட்டில் பதிகின்றன. 12 பிட் என்றாலே 4096 படி. மேலே சொன்ன 20 படிக்கு நடுவில் இன்னும் பல நுண்ணிய படிகள் அங்கே இருக்கின்றன. ரோ கோப்பைத் திறக்க டார்க்டேபிள் அல்லது ரோதெரபி போதும். இரண்டும் இலவசம்.

ரோ இல்லை, போன் தந்த ஜேபெக் மட்டும்தான் என்றால் 9ஆம் பகுதியில் உள்ள வேலையை முடித்துவிட்டு 4ஆம் பகுதிக்கு வாருங்கள். வட்ஸ்அப்பில் ஏற்கெனவே ஒருமுறை போய்வந்த பிரதியில் வேலை தொடங்கவே வேண்டாம். எடுத்த போனில் இருக்கும் மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

## 3. நிறத் திருத்தம் முழுவதையும் 16 பிட்டில் முடியுங்கள்

ரோ செயலியில் வெளிச்சம், நிறம், கொன்ட்ராஸ்ட் எல்லாவற்றையும் முடித்துவிட்டு 16 பிட் ரிஃப் கோப்பாக வெளியே எடுங்கள். நிற புரொஃபைலை எஸ்ஆர்ஜிபி என்று இந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். வேறு புரொஃபைலில் வைத்து, 8 பிட்டுக்கு வந்த பிறகு மாற்றினால் அந்த மாற்றமே சில படிகளைத் தின்றுவிடும்.

ரிஃப் கோப்பைக் கிம்பில் திறந்ததும் `Image > Precision` பார்த்து, 16 பிட் தெரிவாகியிருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். 8 என்று இருந்தால் ரோ செயலியின் ஏற்றுமதித் தெரிவில் பிழை இருக்கிறது. திரும்பிப் போய் எடுங்கள். 8 பிட்டாக வந்த கோப்பை இங்கே 16க்கு மாற்றினால் பெயர்தான் மாறும். போன படிகள் திரும்பி வரா.

## 4. அளவைக் குறைத்து, கூர்மையாக்கி, அதன் பிறகே நொய்ஸ்

பட்டைக்கு மருந்து நொய்ஸ், அதாவது வானத்தில் தூவும் நுண்ணிய புள்ளிக் குலைவு. இது பலருக்குத் தெரியும். எப்போது தூவுவது என்பதில்தான் தடுக்கி விழுகிறார்கள். 6000 பிக்சல் படத்தில் தூவிவிட்டுப் பிறகு 2048க்குச் சுருக்கினால், ஏறக்குறைய ஒன்பது பிக்சல்கள் சேர்ந்து ஒன்றாகின்றன. தூவிய புள்ளிகளும் ஒன்றையொன்று சமன்செய்து பெரும்பகுதி காணாமற் போகும். பட்டை திரும்பவும் வெளியே வரும்.

ஆகவே முதலில் `Image > Scale Image`. முகநூலுக்கு என்றால் நீளப் பக்கம் 2048 வையுங்கள். எங்கள் படம் 2048க்கு 1365 ஆகும். வானத்தின் மேற்பாதி 1300இல் இருந்து 444 பிக்சலாகக் குறையும், படிகள் அதே 20தான். ஒரு பட்டை 22 பிக்சல் அகலமாக வரும். அளவு குறைந்தாலும் பட்டை போகாது, ஒடுங்கும், அவ்வளவுதான்.

கூர்மையாக்குவதையும் இங்கேயே செய்யுங்கள். வானத்தை விட்டுவிட்டு, பனை, குளக்கட்டு, நீர் விளிம்பு ஆகியவற்றுக்கு மட்டும். நொய்ஸ் தூவிய பிறகு கூர்மையாக்கினால் ஒவ்வொரு புள்ளியும் கறுத்துத் தெரியும்.

## 5. நொய்ஸைத் தனி அடுக்கில், சற்றுக் கரடாகத் தூவுங்கள்

இந்த வழிகாட்டியில் மிக முக்கியமான இடம் இது. ஏன் என்று விளங்கினால் எண்களை நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் பெட்டிகளாக வெட்டுகிறது. ஒவ்வொரு பெட்டியையும் ஒரு சராசரியாகவும், அதன்மேல் கரடானதில் இருந்து நுண்ணியது வரையான 63 கோலங்களாகவும் பிரிக்கிறது. பிறகு ஒவ்வொன்றையும் ஓர் எண்ணால் வகுத்து, கிட்டிய முழு எண்ணுக்குச் சரிக்கட்டுகிறது. வகுக்கும் எண்ணின் பாதிக்கும் குறைவாக இருப்பது பூச்சியம் ஆகிவிடும். வழக்கமான அட்டவணையில், தரம் 75 என்றால், கரடான கோலங்களை வகுக்கும் எண் 6ஐ ஒட்டியிருக்கும். நுண்ணிய கோலங்களுக்கு அது 50, 60 என்று போகும்.

பிக்சலுக்குப் பிக்சல் மாறும் நுண்ணிய நொய்ஸை இரண்டு படி அளவில் தூவினால் ஒவ்வொரு கோலத்துக்கும் ஏறக்குறைய 2 கிடைக்கும். 6இன் பாதி 3. ஆகவே பெரும்பகுதி அழிந்து, பெட்டிக்கு அதன் சராசரி மட்டும் மிஞ்சும். வானம் திரும்பவும் பட்டையாகும். "நொய்ஸ் போட்டும் போகேல்லை" என்பவர்களின் படத்தில் நடந்தது இதுதான். நொய்ஸைக் கூட்டிக்கொண்டே போனால் பட்டை மறையும், ஆனால் வானம் சொரசொரத்துவிடும்.

சரியான வழி, பலமான நொய்ஸைத் தூவிவிட்டு அதைச் சற்று மங்கலாக்குவது. மங்கலாக்கும்போது கண்ணுக்கு உறுத்தும் நுண்ணிய பகுதி குறைகிறது. கரடான பகுதி பலம் குறையாமல் நிற்கிறது. ஜேபெக் விட்டுவைப்பதும் அதைத்தான்.

செய்யும் முறை இது. `Layer > New Layer` எடுத்து, `808080` என்ற நடுச் சாம்பல் நிறத்தால் முழுவதையும் நிரப்புங்கள். அடுக்கின் `Mode` என்பதை `Grain merge` ஆக்குங்கள். இந்த முறையில் நடுச் சாம்பல் படத்தில் ஒன்றும் செய்யாது. அதைவிட வெளுத்த புள்ளி வானத்தைக் கொஞ்சம் ஏற்றும், கறுத்த புள்ளி கொஞ்சம் இறக்கும்.

அடுத்து `Filters > Noise > RGB Noise`. அதில் `Correlated noise`, `Independent RGB`, `Linear RGB` மூன்றையும் எடுத்துவிடுங்கள், `Gaussian distribution` இருக்கட்டும். `Independent RGB` இருந்தால் சிவப்பும் பச்சையும் நீலமும் தனித்தனியே தூவப்பட்டு வண்ணப் புள்ளி தெரியும். நிறத் தகவலை ஜேபெக் இன்னும் கடுமையாகச் சுருக்குவதால் அந்தப் புள்ளிகள் கடைசியில் திட்டுகளாகத்தான் மிஞ்சும். அளவை 0.04 என்று வையுங்கள். அது ஏறக்குறைய ஐந்து படி குலைவு. இந்த நிலையில் பார்த்தால் அதிகமாய்த் தெரியும், பயப்படவேண்டாம்.

பிறகு அதே அடுக்கில் `Filters > Blur > Gaussian Blur`, இரண்டு பக்கமும் 0.7. குலைவு இரண்டு படி அளவுக்கு இறங்கிவிடும். 100 வீதத்தில் பார்த்தால் வானம் வழவழப்பாகவே தெரியும், ஆனால் பட்டையின் ஓரங்கள் மறைந்திருக்கும். 1.5, 2 என்று மங்கலாக்கினால் புள்ளிகள் பெருத்து மேகத் திட்டுப்போல வரும். 1ஐத் தாண்டவேண்டாம்.

## 6. வானத்துக்கு மட்டும் மாஸ்க்

நொய்ஸ் அடுக்குக்கு `Layer > Mask > Add Layer Mask` போட்டு வெள்ளை மாஸ்க் எடுங்கள். அடிவானத்துக்குக் கீழே கறுப்பால் மறையுங்கள். எல்லையில் கிரேடியன்ட் கருவியால் சிறிது தூரம் கரையவிட்டால் வெட்டுக்கோடு தெரியாது.

குளத்து நீரை மறக்காதீர்கள். காற்றில்லாத அந்தியில் நீரிலும் அதே வானம்தான் கிடக்கிறது, அங்கேயும் பட்டை விழும். நீர் அசையாமல் இருந்தால் மாஸ்க்கை அங்கேயும் வெள்ளையாக விடுங்கள். அலை இருந்தால் தேவையில்லை, அலையே குலைவைத் தந்துவிடும்.

பனை ஓலைக்குள் ஒவ்வொரு இடுக்காகத் தேடி மாஸ்க் வரையத் தேவையில்லை. இரண்டு படி நொய்ஸ் கறுத்த ஓலையில் தெரியாது.

## 7. 8 பிட்டுக்கு இறக்கி ஏற்றுமதி

`Image > Flatten Image` செய்து, பிறகு `Image > Precision` இல் 8 பிட்டுக்கு மாற்றுங்கள். நொய்ஸ் 16 பிட்டில் ஏற்கெனவே கலந்துவிட்டதால், முழு எண்ணுக்குச் சரிக்கட்டும்போது 62.4 என்ற இடம் சில பிக்சலில் 61ஆகவும் சிலவற்றில் 62, 63ஆகவும் விழும். சராசரி 62.4 ஆகவே நிற்கும். 8 பிட்டுக்கு இறக்கிவிட்டு நொய்ஸ் தூவினால் 62.4 முதலிலேயே 62 ஆகிவிடும். தூவிய நொய்ஸ் பட்டையை மூடுமே தவிர நீக்காது. யாராவது திரும்பச் சுருக்கி நொய்ஸ் கொஞ்சம் அழிந்ததும் அடியில் கிடந்த பட்டை எழும்பும்.

`File > Export As`, பெயரின் முடிவில் `.jpg`. `Quality` 90இல் இருந்து 92. `Advanced Options` திறந்து `Subsampling` இல் `4:4:4` என்று தொடங்கும் வரியைத் தெரியுங்கள். `4:2:0` என்றால் நிறத் தகவல் நான்கு பிக்சலுக்கு ஒன்றாகக் குறைக்கப்படுகிறது. செம்மஞ்சள் நீலத்துக்குள் கரையும் இடத்தில் 16 பிக்சல் சதுரங்கள் தெரிவதற்கு அதுவே வழி.

தரத்தை 50க்கு இறக்கினால் பெட்டியின் சராசரியே இரண்டு படிக்கு ஒன்றாகத்தான் பதியும். எங்கள் 20 படி வானம் 10 படியாகும், பட்டை 44 பிக்சல் அகலமாகும். 90இல் அந்தச் சராசரி ஒரு படியின் பாதிக்கும் குறைவான நுணுக்கத்தில் பதிகிறது, ஆகவே 62.4 போன்ற இடைநிலையையும் கோப்பு தாங்கும். வேறு செயலிகளில் இதே எண் இதே பொருளைத் தராது என்பதைக் கவனியுங்கள்.

நொய்ஸ் போட்ட படத்தின் கோப்பு பெரிதாக வரும். இரண்டு மடங்கானாலும் அதிசயமில்லை. டேட்டா மிச்சம் பிடிக்கவேண்டும் என்றால் தரத்தைக் குறைக்காமல் அளவைக் குறையுங்கள்.

பிஎன்ஜி ஆக எடுத்தால் தப்பலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். பிஎன்ஜி இழப்பில்லாமல் சேமிக்கும், உண்மை. ஆனால் இருக்கும் பட்டையையும் இழப்பில்லாமல்தான் சேமிக்கும். புகைப்படமாக அனுப்பும்போது வட்ஸ்அப் அதை ஜேபெக்காகவே மாற்றும்.

## 8. வட்ஸ்அப்பில் அனுப்பும்போது

ஊரில் படம் போவது பெரும்பாலும் வட்ஸ்அப்பில்தான். புகைப்படமாக அனுப்பினால் செயலி அளவையும் குறைத்து, தானும் ஒருமுறை சுருக்கும். `Document` ஆக அனுப்பினால் கோப்பு தொடப்படாமல் அப்படியே போகும். ஸ்ரூடியோவுக்கோ அச்சகத்துக்கோ என்றால் வேறு யோசனையே வேண்டாம், `Document` தான்.

குழுக்களில் போடுவதற்கு அது சரிவராது, ஆட்கள் திறந்து பார்க்கமாட்டார்கள். அதற்கென்று தனிப் பிரதி ஒன்று செய்யுங்கள். வழக்கமான தரத்தில் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குக் குறைக்கப்படுகிறது. 4ஆம் பகுதியில் நீங்களே 1600க்குக் குறைத்து, 5ஆம் பகுதியில் நொய்ஸை 0.05, மங்கலை 0.8 என்று சற்றுக் கூட்டுங்கள். அளவு மாறாமல் போனால் உங்கள் நொய்ஸுக்கு ஒரு அடி குறைவு. சுருக்கம் ஒன்றைத்தான் அது தாங்கவேண்டும். `HD` தெரிவைப் பயன்படுத்தினால் இன்னும் நல்லது.

அனுப்புவதற்கு முன்பு இன்னொரு போனுக்கு அனுப்பி, அங்கே இறங்கிய பிரதியைத் திறந்து பாருங்கள். உங்கள் போனில் தெரிவது உங்கள் மூலப் படமாக இருக்கலாம், அதை வைத்து முடிவு செய்யமுடியாது.

## 9. ஜேபெக் மட்டும்தான் இருக்கிறது என்றால்

போனில் எடுத்த படம், ரோ இல்லை, வானத்தில் பட்டை ஏற்கெனவே இருக்கிறது. தொலைந்த படிகளை மீட்கமுடியாது, ஆனால் வானம் மெதுவாக மாறும் ஒன்று என்பதால் அவற்றை ஓரளவு ஊகித்து நிரப்பலாம்.

படத்தைத் திறந்ததும் `Image > Precision` இல் 32 பிட் ஃப்ளோட்டிங் பொயின்டுக்கு மாற்றுங்கள். இங்கே இதைச் செய்வது வீணில்லை. அடுத்து வரும் மங்கலாக்கல் 62க்கும் 63க்கும் நடுவில் புதிய எண்களை உண்டாக்கப்போகிறது. அவற்றை வைத்திருக்க இடம் வேண்டும். 8 பிட்டிலேயே மங்கலாக்கினால் அவை திரும்பவும் 62, 63 என்று விழுந்து, பட்டை இடம்மாறி நிற்கும். புதியவர்கள் கைவிட்டுவிடும் இடம் இதுதான்.

படத்தின் அடுக்கை நகலெடுத்து, மேல் நகலுக்கு `Filters > Blur > Selective Gaussian Blur`. சாதாரண மங்கலாக்கல் பனையின் கறுப்பையும் வானத்துக்குள் இழுத்து, மரத்தைச் சுற்றி அழுக்கு வளையம் போடும். இந்த வகை, நிறம் கிட்டத்தட்ட ஒன்றாயுள்ள பிக்சல்களை மட்டும் கலக்கும். `Max. delta` 0.03 வையுங்கள். எட்டுப் படிக்கு மேல் வித்தியாசமான பிக்சலை அது தொடாது. `Blur radius` பட்டையின் அகலத்தைவிடக் கொஞ்சம் கூட இருக்கவேண்டும். பட்டை 22 பிக்சல் என்றால் 30. பெரிய ஆரத்தில் பழைய லப்டொப் நிறைய நேரம் எடுக்கும். முன்கூட்டியே படத்தைப் பகிரும் அளவுக்குக் குறைத்துவிட்டால் பட்டையும் ஒடுங்கும், வேலையும் விரைவாகும்.

நகலுக்கு வானத்து மாஸ்க் போட்டு, கீழே உள்ள மேகக் கீற்றுகளைக் கறுப்பால் திருப்பி எடுங்கள். மெல்லிய மேகத்தை இந்தக் கருவி பட்டை என்று எண்ணி அழித்துவிடும். அதன் பிறகு `Image > Flatten Image` செய்து 4ஆம் பகுதியில் இருந்து வழக்கப்படி தொடருங்கள். மங்கலாக்கிய வானத்துக்கு நொய்ஸ் இன்னும் அவசியம், ஏனெனில் அதில் இயற்கையான புள்ளிக் குலைவு ஒன்றுமே மிஞ்சியிருக்காது.

இளஞ்சிவப்பு, பச்சைச் சதுரங்கள் பெரிதாகத் தெரியும் படத்தில் இது முழுதாக வேலை செய்யாது. அந்தச் சதுரங்களுக்கிடையே வித்தியாசம் எட்டுப் படியைத் தாண்டினால் கருவி அவற்றைத் தொடாமலே விடும். `Max. delta` வைக் கூட்டினால் மேகமும் போய்விடும். சூரியன் விழுந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு 255இல் முட்டி நிற்கும் படமும் அப்படித்தான். அங்கே தட்டையாகத் தெரிவது பட்டை அல்ல, கமரா பதியாமல் விட்ட வெளிச்சம். அதன் விளிம்பை நொய்ஸ் கொஞ்சம் மென்மையாக்கும், உள்ளே நிறம் வராது.